முன்னோட்ட ஆய்வுக்கு அழைக்கும் மின்னஞ்சல்: எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இயந்திர அதிர்வுகளை ஆராய்கிறேன். பேரிங் பழுதை முன்கூட்டியே கண்டறிய நான் உருவாக்கிய முறை, ஆய்வகத் தரவில் 99 விழுக்காடு துல்லியம் காட்டுகிறது. கருத்தரங்கு ஒன்றில் அறிமுகமான ஆலைப் பராமரிப்புப் பொறியாளரிடம், ஆலையின் இரண்டாண்டு அதிர்வுத் தரவைத் தந்து கூட்டு ஆய்வில் சேருமாறு இரண்டு பக்க மின்னஞ்சலில் கேட்டேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை. மறுபடியும் எப்படி எழுதுவது?

பதில்: அவருக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய தரவை வெளியாருக்குக் கொடுப்பது பெரும்பாலான ஆலைகளில் ஒரு பொறியாளரின் அதிகாரத்துக்குள் வருவதில்லை. மேலதிகாரி, தகவல் தொழில்நுட்பப் பிரிவு, சட்டப் பிரிவு எனப் பலரிடம் அவர் கையேந்த வேண்டியிருக்கும். அத்தனையும் செய்து அவர் வாங்கிக் கொடுத்தாலும் அந்தத் தரவு உங்களுக்குப் பயன்படாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஆலைகள் வழக்கமாகச் சேமித்து வைப்பது 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வு வேகத்தின் ஒட்டுமொத்த அளவை, அதாவது ஒரு நேரத்துக்கு ஒரே ஓர் எண்ணை. பேரிங்கின் தொடக்கநிலைப் பழுதோ, உருளும் குண்டு காயத்தின் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் எழும் சிறு அதிர்ச்சியாகத்தான் வெளிப்படும். 6205 வகை பேரிங் நிமிடத்துக்கு 1800 சுற்று வேகத்தில் ஓடினால், வெளிவளையக் காயம் நொடிக்கு ஏறக்குறைய 107 முறை தட்டும். அந்தத் தட்டல் மூல அலைவடிவத்தில் இருக்கும். ஒட்டுமொத்த எண்ணில் பழுது முற்றும் வரை தெரியாது. ஆகவே பழைய தரவைக் கேட்காமல், நான்கு பம்புகளில் ஆறு வாரம் உங்கள் அதிர்வு உணரியை வைக்க இடம் மட்டும் கேளுங்கள்.

அடுத்து, அந்த 99 விழுக்காட்டை எடுத்துவிடுங்கள். ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத் தரவில் உள்ள காயங்கள் மின் தீப்பொறி கொண்டு வேண்டுமென்றே செதுக்கப்பட்டவை. ஓடித் தேய்ந்து உண்டாகும் காயம் அவ்வளவு தெளிவாக இராது. பொறியாளர் வேறொரு கணக்கும் போடுவார். நான்கு பம்புகளில் மணிக்கு ஓர் அளவீடு என்றால் 28 நாளில் 2688 அளவீடுகள் சேரும். அவற்றில் ஏறத்தாழ எல்லாமே நல்ல நிலையில் எடுக்கப்பட்டவையாக இருக்கும். நூற்றில் ஒன்றைத் தவறாகப் பழுது என்று சொன்னாலே ஏறக்குறைய 27 பொய் எச்சரிக்கைகள், அதாவது நாளுக்கு ஒன்று. அப்படி ஒரு கருவியை எந்தப் பராமரிப்புக் குழுவும் இரண்டாவது வாரம் திரும்பிப் பார்க்காது.

இதிலிருந்தே ஆய்வின் நோக்கமும் தெளிவாகிறது. ஒழுங்காகப் பொருத்திய பேரிங்குகள் ஆண்டுக்கணக்கில் உழைப்பவை என்பதால், நான்கு பம்புகளை ஆறு வாரம் கவனித்தால் ஒன்றில்கூடப் பழுது வராமல் போகலாம். எனவே உங்கள் முறை பழுதைக் கண்டுபிடிக்கும் என்பதை இந்த ஆய்வால் நிறுவ முடியாது. பொய் எச்சரிக்கை எவ்வளவு வரும், ஆலைச் சூழலில் கிடைக்கும் சமிக்ஞை போதுமானதா என்பதை மட்டுமே அறியலாம். இந்த வரம்பை மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். அனுபவமுள்ள பொறியாளர் இதைப் பலவீனமாக எண்ண மாட்டார்; எழுதாவிட்டால்தான் சந்தேகப்படுவார்.

ஒரே ஒரு வழியில் இந்த வரம்பைச் சற்றுத் தளர்த்தலாம். பேரிங் மாற்றுவதற்கு ஏற்கெனவே நாள் குறித்த பம்பு ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள். அதை வெட்டித் திறந்து பார்ப்பதைவிட உறுதியான சான்று வேறில்லை, ஆலைக்கோ அது பழைய இரும்பு. கழற்றும்போது விழும் அடியைப் பழுதாக எண்ணிவிடாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. குண்டுகளுக்கு இடையிலுள்ள அதே இடைவெளியில் வரிசையாகப் பதிந்த பள்ளங்கள் கழற்றும்போது விழுந்தவையாக இருக்கலாம். உலோகம் செதிலாகப் பெயர்ந்த குழியோ ஓட்டத்தின்போது களைப்பால் உண்டானது.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> கருத்தரங்கில் பம்பு பேரிங்குகளைப் பற்றிப் பேசினோம். என் முந்தைய மின்னஞ்சலில் உங்களிடம் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தச் சிறிய திட்டத்தை முன்வைக்கிறேன்.
>
> மாறா வேகத்தில் ஓடும், வெடிப்பு அபாயப் பகுதிக்கு வெளியே உள்ள நான்கு பம்புகளில், பம்புக்கு ஒன்றாக எங்கள் அதிர்வு உணரிகளை ஆறு வாரம் பொருத்த விரும்புகிறோம். உணரிகள் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். துளையிட வேண்டியதில்லை, பம்பை நிறுத்த வேண்டியதில்லை. தரவு உணரியின் நினைவட்டையிலேயே பதிவாகும். ஆலையின் கணினி வலையமைப்பைத் தொடாது. முதல் இரண்டு வாரம் எச்சரிக்கை எல்லையை வகுப்போம். அடுத்த நான்கு வாரம் அதை மாற்றாமல் எச்சரிக்கைகளை எண்ணுவோம்.
>
> அந்த நான்கு வாரத்தில் மொத்தம் நான்குக்கு மேல் பொய் எச்சரிக்கை வந்தால், இம்முறை உங்கள் ஆலைக்கு ஏற்றதல்ல என்று நாங்களே எழுதித் தருவோம். குறுகிய காலம் என்பதால், பழுதைக் கண்டுபிடிக்கும் திறனை இந்த ஆய்வு நிறுவாது.
>
> உங்களிடம் வேண்டுவது: பம்புகளைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம், எங்கள் எச்சரிக்கைகளைக் கைக்கருவியால் சரிபார்க்க வாரம் ஒருமுறை ஒரு தொழில்நுட்பரின் உதவி, இக்காலத்தில் பேரிங் எதுவும் மாற்றப்பட்டால் கழற்றிய பேரிங். உங்கள் ஒப்புதலின்றி எதையும் வெளியிட மாட்டோம். இதைப் பற்றிப் பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேச இயலுமா?

இதில் சில சொற்களைக் காரணத்தோடுதான் சேர்த்திருக்கிறேன். மாறும் வேகத்தில் ஓடும் பம்பில் பழுதின் அதிர்வெண்ணும் வேகத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் ஆய்விலேயே அந்தச் சிக்கலை வலிய இழுத்துக்கொள்ள வேண்டாம். நினைவட்டை போதுமா என்று கேட்பார்கள். நொடிக்கு 25,600 மாதிரிகள் வீதம் மணிக்குப் பத்து நொடி பதிவு செய்தால், மாதிரிக்கு 4 பைட் என்ற கணக்கில் ஒரு பதிவு ஏறக்குறைய 1 மெகாபைட் வரும். ஆறு வாரத்துக்கு நான்கு பம்புகளும் சேர்ந்தே 4 ஜிகாபைட் அளவில்தான் இருக்கும். காந்தப் பிடிப்பில் மிக உயர்ந்த அதிர்வெண்கள் மங்கிவிடும் என்பது உண்மை. உங்கள் முறை எந்த அலைவரிசையை நம்பியிருக்கிறதோ அது இந்தப் பிடிப்பில் கிடைக்கிறதா என்பதை உங்கள் ஆய்வக பம்பிலேயே சோதித்த பிறகு மின்னஞ்சலை அனுப்புங்கள்.

காப்புரிமை, ஒப்பந்தம், ஆய்வுக்கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதையெல்லாம் இப்போது எழுத வேண்டாம். அவர் பேச ஒப்புக்கொண்ட பின், உணரியைப் பொருத்துவதற்கு முன் எழுத்தில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்: ஆய்வின் நடுவே அலைவடிவத்தில் கடுமையான பழுதின் அறிகுறி தெரிந்தால் யாரை, எந்த நேரத்திலும் அழைக்கலாம்? வார அறிக்கை வரட்டும் என்று அதை நீங்கள் வைத்திருக்கும்போது பம்பு நின்றுபோனால், அந்த ஆலையில் உங்களுக்கு இரண்டாவது ஆய்வு கிடைக்காது.

இதற்கும் இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், ஆலையின் நம்பகத்தன்மைப் பொறியாளர் யார் என்று அவரிடமே ஒற்றை வரியில் கேளுங்கள். பல ஆலைகளில் இத்தகைய சோதனைகளுக்குச் சம்மதம் சொல்பவர் அவர்தான்.