பரீட்சையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கருங்கலிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போய்வரும் பி.எஸ்சி. இரண்டாமாண்டு மாணவி உங்கள் மகள் என்று வைத்துக்கொள்வோம். காலண்டரில் இன்றிலிருந்து எண்ணாமல், செமஸ்டர் பரீட்சை தொடங்கும் வாரத்துக்குப் பூஜ்யம் என்று எழுதி, அதற்கு முந்தைய வாரங்களுக்குப் பின்னோக்கி 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். இன்று 10-வது வாரம் என்று கொள்வோம்.

முதலில், படிக்க முடியாத வாரங்களை அடித்துவிட வேண்டும். 1, 2 திருப்புதலுக்கு. 3-ஐ வேண்டுமென்றே காலியாக விடுங்கள். ஐப்பசி மழையும் தீபாவளியும் நம் மாவட்டத்தில் எப்படியும் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். 4 செய்முறைத் தேர்வுக்கு. மிஞ்சுவது ஆறே வாரம்.

ஐந்து பாடம், பாடத்துக்கு ஐந்து யூனிட், ஆக 25. ஏழு முடிந்திருந்தால் பாக்கி 18. வாரத்துக்கு மூன்று. யூனிட்டுக்கு நான்கு மணி நேரம் என்றால் 12 மணி. பஸ் பயணம் போக அவளுக்கு வாரத்தில் 15 மணி கிடைக்கிறது என்றால், மீதி மூன்று மணிதான் அசைன்மென்டுக்கும் ரெக்கார்டுக்கும்.

சிக்கல் இங்கேதான் வரும். முதல் அசைன்மென்ட் 7-வது வாரக் கடைசியிலும் இரண்டாவது 6-வது வாரக் கடைசியிலும் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறு மணி வேலை. கெடு வாரத்தில்தான் தொடங்குவேன் என்றால் அந்த இரண்டு வாரமும் 18 மணி தேவைப்படும், இருப்பது 15. அடி வாங்குவது யூனிட்டுகள். அதனால் முதல் அசைன்மென்டை 10, 9-லும், இரண்டாவதை 8, 7-லும் எழுத வேண்டும். ரெக்கார்டுக்கு 6, 5. அதை 5-வது வார வியாழனுக்குள் முடித்தால்தான் வெள்ளியன்று ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கலாம். ரெக்கார்டில் கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குப் போய் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

எந்த மூன்று யூனிட் என்பதை வகுப்பு நடத்தும் வேகம் முடிவு செய்யட்டும். நடத்தாத ஐந்தாம் யூனிட்டை அட்டவணையில் முன்னால் போட்டால் நான்கு மணி ஏழாகிவிடும்.

அந்த நான்கு மணியும் ஊகம்தான். முதல் யூனிட்டைக் கடிகாரம் பார்த்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆறு மணி ஆனால், படிப்புக்கென்று இருக்கும் 72 மணியில் 12 யூனிட்தான் முடியும். திட்டாதீர்கள், கணக்குதான் தப்பு. மிஞ்சும் ஆறு யூனிட்டுக்குப் பழைய வினாத்தாளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும், யூனிட்டுக்கு இரண்டரை மணி வீதம், அந்தக் காலி வாரத்தில் படிக்கலாம். மழைக்குக் கலெக்டர் லீவு விட்டால் அந்த நாளும் இதற்கே.