துண்டுக்கடியில் இரண்டு எண்கள்

அண்ணா, வணக்கம். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் நண்பர் ஒருவர் புதிர் போட்டார். 2-லிருந்து 20-க்குள் இரண்டு வெவ்வேறு எண்கள். அவற்றின் கூட்டுத்தொகை ஒருவருக்கு மட்டும் தெரியும், பெருக்குத்தொகை இன்னொருவருக்கு மட்டும் தெரியும். பெருக்கல்காரர் சொல்கிறார்: "என்ன எண்கள்னு எனக்குத் தெரியலை." கூட்டல்காரர்: "உனக்குத் தெரியாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்." பெருக்கல்காரர்: "அப்படியா, அப்ப எனக்குத் தெரிஞ்சிருச்சு." கூட்டல்காரர்: "அப்ப எனக்கும்." விடை 4, 13 என்கிறார். மூன்று நாளாகப் போட்டுப் பார்க்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது. நான் எங்கே தவறுகிறேன்?

க., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள க.,

தவறு உங்களுடையது இல்லை. நண்பர் சொன்ன அந்த 20-தான் தவறு.

4, 13 என்றால் பெருக்கல்காரர் கையில் இருப்பது 52. அதை எப்படியெல்லாம் பிரிக்கலாம்? 4 × 13, இல்லையென்றால் 2 × 26. ஆனால் 20-க்கு மேல் போகக்கூடாது என்று சொல்லியாகிவிட்டதே, 26 எப்படி வரும்? ஆக மிச்சம் 4 × 13 மட்டும். பெருக்கல்காரருக்கு வாய் திறக்கும் முன்பே விடை தெரிந்துவிடும். "தெரியலை" என்று அவர் சொன்னால் அது பொய்.

சரி, 20-க்குள் வேறு விடை ஏதாவது உண்டா? கூட்டல்காரரின் முதல் பேச்சைப் பாருங்கள். உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்கிறார். அதாவது, தன் கூட்டுத்தொகையை எந்த ஜோடியாகப் பிரித்தாலும் அந்த ஜோடியின் பெருக்குத்தொகைக்கு இரண்டு வழியாவது இருக்க வேண்டும். 20 என்ற எல்லைக்குள் இந்தப் பரீட்சையில் தேறுவது 11 மட்டும்தான். 23-ஐ எடுத்தால் 4 + 19 வரும், பெருக்கினால் 76. இன்னொரு வழியான 2 × 38-க்கு இடமில்லை, எனவே 23 அவுட். மற்றவையும் இப்படியே ஏதாவது ஒரு ஜோடியில் மாட்டிக்கொள்கின்றன. கூட்டுத்தொகை 11 என்றால் பெருக்குத்தொகை 18, 24, 28, 30 இவற்றில் ஒன்று. இந்த நான்கில் எது கையில் இருந்தாலும் பெருக்கல்காரர் "தெரிஞ்சிருச்சு" என்பார். அதனால் கூட்டல்காரருக்கு எதுவும் குறையவில்லை, அதே நான்கு ஜோடிகளோடு நிற்கிறார். "எனக்கும்" என்ற கடைசி வரியை யாரும் உண்மையாகச் சொல்லவே முடியாது. நீங்கள் மூன்று நாள் மோதியது இந்தச் சுவரில்தான்.

இதில் உங்கள் நண்பருக்குப் பெரிய துணை உண்டு. புதிரை 1969-இல் ஒரு டச்சு கணித இதழில் போட்டவர் ஹான்ஸ் ஃப்ராய்டென்டால். 1979 டிசம்பரில் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்தியில் மார்ட்டின் கார்ட்னர் அதை எடுத்துச் சொன்னார். வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லையை 20 ஆக்கினார். விடை மட்டும் பழையபடி 4, 13. புதிரே செத்துப்போனது. அவர் வைத்த பெயர் 'சாத்தியமில்லாத புதிர்', அது அப்படியே பலித்துவிட்டது.

சரியான எல்லை இது: இரண்டு வெவ்வேறு எண்கள், இரண்டும் 1-ஐ விடப் பெரியவை, கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டாது. இது இருவருக்கும் தெரியும், மற்றவருக்குத் தெரியும் என்பதும் தெரியும். இப்போது பேனாவை எடுங்கள்.

கூட்டல்காரர் கையில் இரட்டைப்படை எண் இருக்க முடியாது. 8-லிருந்து 100 வரை எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு வெவ்வேறு பகா எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம், அப்படிப்பட்ட ஜோடியின் பெருக்குத்தொகைக்கு ஒரே வழிதான். (6 மட்டும் 2 + 4 ஆகிறது, அதன் பெருக்குத்தொகையான 8-க்கும் ஒரே வழிதான்.) ஒற்றைப்படையில், 2 கழித்தால் பகா எண் வருபவையும் இதே காரணத்தால் போகும். 55-உம் அதற்கு மேலும் போகும், ஏனென்றால் ஜோடியில் ஒன்று 53 ஆக இருக்கலாம். 53-ஐ இரட்டிப்பாக்கினாலே 106, எல்லை தாண்டிவிடும், ஆகவே அந்தப் பெருக்குத்தொகைக்கும் வேறு வழி இல்லை. 51-இல்தான் பலரும் வழுக்குவார்கள். 17 + 34 என்று பிரித்தால் பெருக்குத்தொகை 578, மிச்சமுள்ள ஒரே வழி 2 × 289, அது எல்லைக்கு வெளியே. கடைசியில் நிற்பவை பத்து: 11, 17, 23, 27, 29, 35, 37, 41, 47, 53.

பெருக்கல்காரரும் மனசுக்குள் இதே பட்டியலைப் போட்டுவிடுகிறார். தன் பெருக்குத்தொகையைப் பல வழியாகப் பிரித்துப் பார்த்து, ஒரே ஒரு வழியின் கூட்டுத்தொகை மட்டும் பட்டியலில் இருந்தால் "தெரிஞ்சிருச்சு" என்கிறார். 52 என்றால் 4 + 13 = 17 பட்டியலில் இருக்கிறது, 2 + 26 = 28 இல்லை. முடிந்தது.

கூட்டல்காரர் கையில் 17 என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஏழு ஜோடியையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். 2, 15 என்றால் 30, அதை 5 × 6 என்றும் பிரிக்கலாம், அதன் கூட்டுத்தொகை 11-உம் பட்டியலில் இருக்கிறது. பெருக்கல்காரர் குழம்பியிருப்பார். 3, 14 என்றால் 42, அங்கே 2 + 21 = 23 குறுக்கே வரும். 5, 12-இல் 3 + 20 = 23. 6, 11-இல் 2 + 33 = 35. 7, 10-இல் 2 + 35 = 37. 8, 9-இல் 3 + 24 = 27. குழப்பமில்லாதது 4, 13 மட்டும்தான். அதனால்தான் "எனக்கும்" என்கிறார்.

மற்ற ஒன்பதும் ஏன் இல்லை? இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஜோடியில் ஒன்று 4, 8, 16, 32 இவற்றில் ஒன்றாகவும் மற்றது ஒற்றைப்படைப் பகா எண்ணாகவும் இருந்தால் பெருக்கல்காரருக்கு உடனே தெரிந்துவிடும், ஒற்றைப்படைக் கூட்டுத்தொகைக்கு வேறு வழி கிடைக்காது. 11 என்பது 4 + 7, 8 + 3 என இரண்டு விதமாக அப்படி அமைகிறது, அங்கே கூட்டல்காரருக்கு முடிவு கிடைக்காது. 23, 27, 35, 37, 47 எல்லாம் இதே கதை. 29, 41, 53 மூன்றும் இந்த வழியில் ஒரே ஒரு ஜோடிதான் தரும். அவற்றுக்கு வேறு விதமாக இரண்டாவது ஜோடியைத் தேட வேண்டும். 29-க்கு 16 + 13 தவிர 12 + 17-உம் இருக்கிறது: 204-ஐ 4 × 51, 3 × 68 என்று பிரித்தால் வரும் 55-உம் 71-உம் பட்டியலில் இல்லை. 41-க்கும் 53-க்கும் நீங்களே தேடுங்கள், 10 + 31-இலிருந்தும் 21 + 32-இலிருந்தும் ஆரம்பிக்கலாம்.

பெருக்கல்காரரின் முதல் "தெரியலை" உண்மையில் தேவையே இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். கூட்டல்காரரின் பதிலிலேயே அது அடங்கியிருக்கிறது. இருந்தாலும் பேச்சு தொடங்க யாராவது வாய் திறக்கணுமே.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விரல் தெரியாது. ஆனால் ஒருவர் கையை உதறிவிட்டு, "இதுக்குப் பாலக்காட்டு ஆளுகூட சிரிப்பாங்க" என்றதும் பழகின ஆளுக்கு விலை ஏறக்குறைய பிடிபட்டுவிடும். பாலக்காட்டில் என்ன விலை போகிறது என்பது தெரியாதவனுக்கு அதே பேச்சு வெறும் சத்தம்தான். உங்கள் புதிரில் பாலக்காட்டு விலையின் இடத்தில் இருப்பது அந்த 100.

நண்பரிடம் 52 என்று எழுதின சீட்டைக் கொடுத்து, 20-க்குள் பிரிக்கச் சொல்லுங்கள். டீ அவர் கணக்கில்.