சிப்பந்தி செய்த தவறு என்ன?

அன்புள்ள அண்ணன்,
தேசிய சேவை முடித்து இந்த ஆண்டுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். தத்துவ வகுப்பில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சார்த்தரைப் படிக்கிறோம். மனிதன் முழுச் சுதந்திரம் உள்ளவன் என்கிறார். இரண்டு ஆண்டு சீருடை போட்டவனுக்கு இது எப்படிப் பொருந்தும்? ஒழுங்காக வேலை செய்யும் காப்பிக்கடைச் சிப்பந்தியை ஏன் குறை சொல்கிறார்?
- முதலாண்டு மாணவன், ஈசூன்

அன்புள்ள தம்பி,

சார்த்தரும் சீருடை போட்டவர்தான். 1939இல் படைக்கு அழைக்கப்பட்டார், 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டுப் போர்க்கைதியாக இருந்தார். சுதந்திரத்தைப் பற்றிய பெரிய நூல் 1943இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிசில் வந்தது. நினைத்தது நடக்கும் என்பதை அவர் சுதந்திரம் என்று சொல்லவில்லை.

காகிதம் வெட்டும் கத்தியை எதற்கு என்று முடிவு செய்த பிறகுதான் செய்கிறார்கள். மனிதனுக்கு அப்படி முன்கூட்டி வரைந்த வரைபடம் இல்லை. முதலில் இருக்கிறான், அப்புறம் தன் செயல்களால் இன்னார் ஆகிறான். இருப்பு சாரத்துக்கு முந்தியது என்பது இதுதான். பிறந்த இடம், உடம்பு, சட்டம், நேற்றுவரை செய்தது எல்லாம் நமக்கு வாய்த்தவை. அவற்றை வைத்து என்ன செய்வது என்பது மட்டும் எப்போதும் நம்மிடம் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மறைத்துத் தன்னையே ஏமாற்றிக்கொள்வதுதான் தன்வஞ்சகம். ஆங்கிலத்தில் இதை bad faith என்பார்கள். 'தீய நம்பிக்கை' என்று அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் வழிதவற வைக்கும்.

சிப்பந்தியின் நடை கொஞ்சம் அதிக வேகம், குனிவு கொஞ்சம் அதிகப் பணிவு. மைக்கூடு மைக்கூடாக இருப்பதுபோலத் தானும் சிப்பந்தியாகவே இருந்துவிடப் பார்க்கிறான். வேலையை ஒழுங்காகச் செய்வதில் தவறே இல்லை. தான் அந்த வேலை மட்டுமே என்று நம்பிக்கொள்வதில்தான் சிக்கல். வாடிக்கையாளரும் அவனிடம் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் சார்த்தர் சொல்கிறார், அதை விட்டுவிடாதே.

என் கதை ஒன்று. நான் கார்ப்பரலாக இருந்தபோது, நீண்ட நடையில் ஒரு பையனுக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறை சிவந்திருந்தது. நிறுத்தலாமா என்று கேட்டான். "நான் கார்ப்பரல், வேற வழியில்ல" என்றேன். கார்ப்பரல் என்பது உண்மை. வேறு வழியில்லை என்பது பொய். சார்ஜண்டிடம் சொல்லியிருக்கலாம், அவன் பையை நான் வாங்கியிருக்கலாம். திட்டு விழும், அவ்வளவுதான். அந்த வழிகள் தெரிந்ததால்தான் பதவியின் பின்னால் ஒளிந்தேன். தெரியாமலே இருந்தால் அது அறியாமை, தன்வஞ்சகம் ஆகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "அது பழைய கதை, அவன் நானில்லை" என்று இன்று சொன்னால், நடந்ததை மறைக்கிறேன். "நான் பிறவிக் கோழை" என்று சொன்னாலோ, இனி செய்ய வேண்டியதிலிருந்து தப்புகிறேன். பாவமன்னிப்புப் போலத் தோன்றும் இந்த இரண்டாவதுதான் கண்டுபிடிக்கக் கடினம். அந்தப் பையனிடம் நான் இன்னும் பேசவில்லை. அவன் எண் என்னிடம் இருக்கிறது.