டைக்கு எட்டு மடங்கு, ஆனால் எத்தனை தடவைக்கு ஒருமுறை?

கேள்வி: பக்கராட் மேசையில் பேங்கர் வென்றால் 5 சதவீதம் வெட்டுகிறார்கள். அதனால் நான் கமிஷன் இல்லாத மேசையில்தான் உட்காருவேன். இருபது முப்பது ரவுண்டாக டை விழவில்லை என்றால் அதிலும் கொஞ்சம் போடுவேன், எட்டு மடங்கு கிடைக்கிறதே. ஜோடி, சூப்பர் சிக்ஸ் என்று சின்ன பெட்டுகளும் உண்டு. இதில் என்ன பிழை?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: புறக்கோட்டையில் கிலோ விலையைக் கேட்டுவிட்டுத் தராசைப் பார்க்காமல் காசை நீட்டுகிறவர் மாதிரி ஆடுகிறீர்கள். எட்டு மடங்கு, பதினொரு மடங்கு என்பதெல்லாம் விலை. அது எத்தனை தடவைக்கு ஒருமுறை கைக்கு வரும் என்பதுதான் எடை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் வெறுக்கும் அந்த 5 சதவீத மேசைதான் அறையிலேயே மலிவானது.

பக்கராட்டில் பேங்கர், பிளேயர் என்பவை ஆட்கள் அல்ல, நாம் காசு வைக்கும் இரண்டு பக்கங்கள்; இரண்டும் சமமானால் அதுதான் டை. பொதுவாக 8 கட்டு, அதாவது 416 சீட்டு போடுவார்கள். விதிகள் முழுக்க எழுதி வைக்கப்பட்டவை. யாரும் யோசித்து ஆடுவதில்லை. அதனால் என்ன எத்தனை தடவை வரும் என்பதை மிச்சமில்லாமல் எண்ணிவிடலாம். 10,000 ரவுண்டுக்குச் சராசரியாகப் பேங்கர் 4,586 தடவை வெல்லும், பிளேயர் 4,462 தடவை வெல்லும், 952 தடவை டை. இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். டை விழுந்தால் பேங்கரிலும் பிளேயரிலும் போட்ட காசு அப்படியே திரும்பி வரும் என்பதையும் மறக்கவேண்டாம்.

பேங்கருக்கு 124 வெற்றி ஏன் அதிகம்? ராசி என்று சொல்பவர்கள் உண்டு. காரணம் மூன்றாவது சீட்டில் இருக்கிறது.

இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சீட்டு. பத்தும் படச் சீட்டுகளும் பூச்சியம், ஏஸ் ஒன்று, கூட்டினால் கடைசி இலக்கம் மட்டுமே கணக்கு, அது கூடிய பக்கம் வெல்லும். யாருக்காவது 8 அல்லது 9 வந்துவிட்டால் அத்துடன் முடிந்தது. இல்லையென்றால் முதலில் பிளேயர் பக்கம்: 0 முதல் 5 வரை இருந்தால் ஒரு சீட்டு எடுக்கும், 6, 7 என்றால் நிற்கும். எதிரே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. பேங்கர் பக்கம் அப்படியல்ல. பிளேயர் எடுத்த மூன்றாவது சீட்டு என்ன என்று பார்த்த பிறகே அதன் விதி வேலை செய்யும்.

ஓர் உதாரணம். பேங்கரிடம் 3. பிளேயர் எடுத்த மூன்றாவது சீட்டு 8. மூன்று என்பது பரிதாபமான கைதான், ஆனாலும் விதிப்படி பேங்கர் சீட்டு எடுக்காது. பிளேயரிடம் முன்பு 0 முதல் 5 வரை ஏதோ ஒன்று இருந்தது; அதோடு 8 சேர்ந்தால் 8, 9, 0, 1, 2, 3 இவற்றில் ஒன்றுதான் ஆக முடியும். அதில் 0, 1, 2 மூன்றும் இந்த 3-க்குக் கீழே. ஆகவே கையிலுள்ளதைக் கெடுத்துக்கொள்ளாமல் நிற்பது நல்லது. இப்போது மறுபக்கம் பாருங்கள். பேங்கரிடம் 5, பிளேயரின் மூன்றாவது சீட்டு 4. பிளேயரின் கை இப்போது 4 முதல் 9 வரை எங்கோ இருக்கிறது. பேங்கரின் 5 வெல்லக்கூடியது 4 ஒன்றை மட்டும்தான். எனவே இங்கே சீட்டு எடுக்க வேண்டும் என்கிறது விதி. 3-இல் நின்று 5-இல் எடுப்பது பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். இப்படிப் பார்த்து ஆடுவதுதான் அந்த 124 வெற்றிக்கும் காரணம்.

இனிக் கமிஷன். ஒவ்வொரு ரவுண்டுக்கும் 100 ரூபாய், 10,000 ரவுண்டு, மொத்தம் 10 லட்சம் வைக்கிறீர்கள் என்போம். பிளேயரிலேயே போட்டால் 124 தடவை கூடுதலாகத் தோற்று 12,400 ரூபாய் போகும்: நூற்றுக்கு 1.24. வைக்கும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாகக் கசினோ பிடித்துக்கொள்ளும் இந்தப் பங்குக்குத்தான் ஹவுஸ் எட்ஜ் என்று பெயர். பேங்கரில் போட்டால், வெட்டு இல்லாதபட்சம், அதே 12,400 உங்கள் பைக்கு வரும். எந்தக் கசினோ அதை விடும்? ஆகவே வென்ற 4,586 தடவையிலும் 5 ரூபாய் வீதம் 22,930 ரூபாய் வெட்டுகிறார்கள். கழித்துப் பார்த்தால் உங்கள் நட்டம் 10,500 சொச்சம். பின்னங்களையும் சேர்த்தால் நூற்றுக்கு 1.06. வெட்டிய பிறகும் பிளேயரை விட பேங்கரே மலிவு. கமிஷன் 2.7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நட்டம் கசினோவுக்கு; அதனால்தான் அது இறங்குவதில்லை.

இதில் ஒரு சில்லறைப் பொறி உண்டு. 1,000 ரூபாய் வென்றால் கமிஷன் 50. மேசையில் ஆகச் சிறிய சிப் 100 ரூபாய் என்றால் அந்த 50-ஐ எப்படி எடுப்பார்கள்? கணக்கு எழுதிக் கடைசியில் தீர்த்தால் சரி. மேல்நோக்கி முழுமையாக்கி 100 எடுத்தால் உங்கள் கமிஷன் 10 சதவீதம், ஹவுஸ் எட்ஜ் 3.3 சதவீதத்தைத் தாண்டிவிடும். உட்காரும் முன் டீலரிடம் கேட்க வேண்டியது இது.

இப்போது நீங்கள் விரும்பும் கமிஷன் இல்லாத மேசைக்கு வருவோம். அங்கே பேங்கர் எந்த எண்ணில் வென்றாலும் முழுக்காசு, 6-இல் வென்றால் மட்டும் பாதி. பேங்கர் 6-இல் வெல்வது 10,000-க்கு ஏறக்குறைய 539 தடவை. ஒவ்வொன்றிலும் 50 ரூபாய் குறைந்தால் 26,950 ரூபாய். பழைய மேசையில் வெட்டியது 22,930 மட்டுமே. பெயர்ப்பலகையில் கமிஷனை அழித்துவிட்டு 4,000 ரூபாய் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள், எட்ஜ் 1.06-இலிருந்து 1.46 ஆகிறது. இந்த மேசையில் பிளேயரின் 1.24 மாறவில்லை. ஆகவே இங்கே உட்கார்ந்தேயாக வேண்டுமென்றால் பிளேயரில் போடுங்கள், பேங்கரில் அல்ல. இதைப் பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அந்த 6 வந்தால் பாதிதான் கிடைக்கும் என்ற வயிற்றெரிச்சலுக்கு மருந்தாகவே பக்கத்தில் சூப்பர் சிக்ஸ் வட்டத்தைப் போட்டிருக்கிறார்கள்: பேங்கர் 6-இல் வெல்லும் என்ற பெட். வழமையாக 12 மடங்கு. 539 தடவை 1,200 வீதம் 6,46,800 வரும். மிச்ச 9,461 தடவையும் நூறு நூறாகப் போனால் 9,46,100. நூற்றுக்கு 30 ரூபாய் நட்டம். காப்புறுதி என்று நினைத்துப் போடுகிறீர்களாக்கும். இந்தப் பிரீமியத்தில் எந்தக் காப்புறுதி முகவரையும் நீங்கள் வாசற்படி ஏற விடமாட்டீர்கள்.

டை அவ்வளவு மோசமில்லை, ஆனால் மோசம்தான். 952 தடவை 800 வீதம் 7,61,600, தோற்பது 9,04,800. எட்ஜ் துல்லியமாக 14.36 சதவீதம். நியாயமான விலை 9.5 மடங்கு, உங்களுக்குத் தருவது 8. சில இடங்களில் 9 மடங்கு தருவார்கள், அப்போது எட்ஜ் 4.84-க்கு இறங்கும். ஒரேயொரு மடங்குதான், எட்ஜ் மூன்றில் ஒன்றாகிறது. ஆனால் மேசை விரிப்பில் எழுதியிருப்பதைக் கவனமாக வாசியுங்கள். ‘நைன் டு வன்’ என்றால் வைத்த காசு போக ஒன்பது மடங்கு. ‘நைன் ஃபோர் வன்’ என்றால் வைத்த காசையும் சேர்த்து ஒன்பது. அது பழைய எட்டு மடங்கேதான்.

ஒரு பக்கத்தின் முதல் இரண்டு சீட்டும் ஒரே மாதிரி வரும் என்ற ஜோடி பெட்டை நீங்களே கணக்குப் போடலாம். பிளேயரின் முதல் சீட்டு ஒரு 7 என்று வையுங்கள். மிச்சம் 415 சீட்டில் 7 இன்னும் 31 இருக்கிறது. 415-இல் 31 என்றால் நூற்றுக்கு 7.47. கிடைப்பது 11 மடங்கு. எட்ஜ் 10.36 சதவீதம். பேங்கர் ஜோடிக்கும் இதே கணக்கு.

உங்கள் பழக்கத்தை மணிக்கணக்கில் பார்ப்போம். மணிக்கு 60 ரவுண்டு, பேங்கரில் 1,000 ரூபாய், வழமையான கமிஷன் மேசை: 60,000 ரூபாய் சுழற்சியில் எதிர்பார்க்கும் நட்டம் 636 ரூபாய். ஒவ்வொரு ரவுண்டிலும் டைக்கு 200 ரூபாய் சேர்த்தால் இன்னும் 1,723. இரண்டு ஜோடிக்கும் 200 வீதம் போட்டால் 2,486. பெரிய பெட்டுக்கு 636, ‘சின்ன’ பெட்டுகளுக்கு 4,209. இதில் வாசலில் டொலர் கணக்கில் கட்டும் நுழைவு வரியை நான் சேர்க்கவில்லை.

முப்பது ரவுண்டாக டை விழாததைப் பற்றி. மேசையில் அந்த மின்பலகை ஒளிர்வது அதற்காகத்தான்: பழைய முடிவுகளைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டி உங்களுக்கு ஒரு கடன் பாக்கி இருப்பதுபோல் தோன்றச் செய்ய. ஒரு ரவுண்டில் டை விழாமல் போவது நூற்றுக்கு 90.5. அதை முப்பது தடவை பெருக்கினால் கிட்டத்தட்ட 5 சதவீதம், அதாவது எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாலும் இருபதில் ஒருமுறை இப்படி நடக்கும். ஒரு பெட்டிச் சீட்டில் எழுபது எண்பது ரவுண்டு ஓடுவதால், வாரக்கடைசியில் மேசை மேசையாகப் போனால் இதை அடிக்கடி காண்பீர்கள். போன சீட்டுகள் மிச்சச் சீட்டின் கலவையை மாற்றும் என்பது உண்மைதான், ஆனால் டை விழாத ரவுண்டுகளில் வெளியேறிய சீட்டுகள் எவை என்பதை அந்தப் பலகை காட்டுவதில்லை. முப்பத்தோராவது ரவுண்டிலும் டையின் வாய்ப்பு அதே 9.5 சதவீதம், தருவதும் அதே எட்டு மடங்கு.