வாயே திறக்காதவர் கல்யாணத்துக்குத் தயாரா?

கேள்வி: இரண்டு வருடமாகக் காதலிக்கிறோம். போன ஞாயிறு அவரை மதுரையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னார். "உங்க வீட்ல சொல்லிட்டீங்களா தம்பி?" என்று அப்பா கேட்டபோது, "அக்காவுக்குத் தெரியும் அங்கிள். தங்கச்சி கல்யாணம் தை மாசம், அது முடிஞ்சதும் அப்பாகிட்ட பேசிடுவேன்" என்றார். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. இவர் சீரியஸாகத்தான் இருக்கிறாரா?

பதில்: அவர் அதிகம் பேசாததை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பெண் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது வணக்கம் சொல்வது, சாம்பார் பிரமாதம் ஆன்ட்டி என்பது, தட்டை எடுத்து வைக்க எழுந்திருப்பது எல்லாம் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரியும். கல்யாண எண்ணமே இல்லாதவர்கூட இதையெல்லாம் அழகாகச் செய்துவிட்டுப் போய்விடுவார். இந்த இடம் கைகூட வேண்டுமே என்று பயப்படுகிறவர்தான் பல நேரம் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பார்.

நான் கவனிப்பது வேறு. சொன்னால் தன் தலையில் ஒரு பொறுப்பு வந்து விழும் என்று தெரிந்தும் என்ன சொல்கிறார்? உங்கள் அப்பா கேட்டது அப்படிப்பட்ட கேள்வி. "பாக்கலாம் அங்கிள், இப்பதான் வேலைல செட்டில் ஆகிட்டு இருக்கோம்" என்று நழுவியிருக்கலாம், ஆனால் அவர் விஷயம் தெரிந்த ஓர் ஆளையும், பேசப்போகும் ஒரு மாதத்தையும் சொல்லியிருக்கிறார், அதுவும் நாளைக்கே "என்னாச்சு தம்பி?" என்று கேட்கக்கூடிய ஒரு மனிதரிடம். தங்கை கல்யாணம் முடியட்டும் என்பதும் நம் வீடுகளில் நியாயமான காரணம்தான்.

ஆனால் இது வாக்கு மட்டும்தான். அக்காவுக்குத் தெரியும் என்றால் அவரோடு நீங்கள் ஒருமுறை போனில் பேசலாமே, அதற்கு உங்கள் காதலர் சாக்குச் சொன்னால் அங்கேயே கொஞ்சம் யோசியுங்கள். தை முடிந்த பிறகு நீங்கள் ஞாபகப்படுத்தும் முன்பே அவராகப் பேச்சை எடுக்கிறாரா என்று பாருங்கள். நிஜமாகவே தள்ளிப்போனால், சீரியஸான ஆள் தானே வந்து காரணத்தையும் அடுத்த தேதியையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் புதுக் காரணம் முளைத்து, தேதி மட்டும் வராமலே இருந்தால் அம்மாவின் சந்தேகம் சரி.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள், உங்களை அங்கே எப்படி நடத்தினார்? அப்பாவைச் சிரிக்க வைக்க உங்கள் சமையலையோ சம்பளத்தையோ மட்டம் தட்டியிருந்தால், அவர் எவ்வளவு கலகலப்பாகப் பேசியிருந்தாலும் நான் கவலைப்பட்டிருப்பேன். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அம்மாவிடம் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அடுத்த முறை சோபாவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்காமல், அப்பாவோடு மார்க்கெட்டுக்கு அனுப்புங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் கூச்சம் உள்ளவர்களுக்குப் பேச்சு தானாக வரும்.