வேறு அட்டைக்குப் போன பணம்: அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோரும் கடிதம்

கேள்வி: ஒரே வங்கியில் எனக்கு இரண்டு கடன்பற்று அட்டைகள் இருக்கின்றன. ஏப்ரல் 25ல் ஓர் அட்டையில் 1,840 வெள்ளிக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கினேன். அந்த அட்டையில் வேறு செலவு இல்லை. கெடு ஜூன் 3. மே 30ஆம் தேதியே செயலி வழியாக முழுத் தொகையையும் கட்டினேன். ஆனால் கை தவறி, பாக்கியே இல்லாத மற்ற அட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஜூன் 9 கணக்கு அறிக்கையில் தாமதக் கட்டணம் 100 வெள்ளி, வட்டி 63 வெள்ளி 6 காசு என்று வந்திருக்கிறது. ஜூன் 12 அன்றுதான் பார்த்தேன். தள்ளுபடி கேட்டு எப்படி எழுதுவது? — ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: கடிதத்துக்கு முன்னால் வங்கியைத் தொலைபேசியில் அழையுங்கள். உங்கள் 1,840 வெள்ளி இன்னும் அந்த மற்ற அட்டையில் வரவு மீதியாகக் கிடக்கிறது. அதைச் சரியான அட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். அழைப்புக்குரிய குறிப்பு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அது வேண்டும். பணத்தைச் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பி அனுப்பட்டுமா என்று அதிகாரி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அட்டையிலிருந்து அட்டைக்கு நேராக மாறினால்தான், மே 30ல் வந்த அதே பணம் இது என்பது வங்கியின் பதிவில் தெளிவாக நிற்கும். மாற்றுவதற்குச் சில நாள் ஆகும் என்கிறார்களா? கையில் பணம் இருந்தால் சரியான அட்டைக்கு உடனே கட்டிவிட்டு, மற்றதைப் பிறகு திரும்பப் பெறலாம். இல்லையென்றால் காத்திருங்கள், நாளுக்கு ஏறத்தாழ 1 வெள்ளி 40 காசுதான் ஏறும்.

அந்த 1.40 எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் என்ன கேட்பது என்பது புரியும். உங்கள் வட்டியைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஆண்டு விகிதம் 27.8 விழுக்காடு என்று வருகிறது. 1,840ஐ 27.8 விழுக்காட்டால் பெருக்கி 365ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி 1.40 வெள்ளி. உங்களுக்கு 45 நாள் வட்டி போட்டிருக்கிறார்கள். அதாவது கெடு முடிந்த ஜூன் 3லிருந்து அல்ல, பொருள் வாங்கிய ஏப்ரல் 25லிருந்து ஜூன் 9 வரை. முழுத் தொகையைக் கெடுவுக்குள் கட்டினால் மட்டுமே வட்டியில்லாக் காலம் உண்டு. கட்டாவிட்டால் அந்தச் சலுகை வாங்கிய நாளிலிருந்தே போய்விடுகிறது. பலர் இதை வங்கியின் கணக்குப் பிழை என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறார்கள். பிழை இல்லை, அட்டை ஒப்பந்தத்தில் உள்ளதுதான்.

100 வெள்ளிக்குக் காரணம் வேறு. குறைந்தபட்சத் தொகைகூட அந்த அட்டைக்கு வராததற்கான கட்டணம் அது. பெரும்பாலான வங்கிகளில் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. உங்களுக்கு 55 வெள்ளி 20 காசு. ஆக உங்கள் அறிக்கையில் இருப்பவை தனித்தனியான இரண்டு கட்டணங்கள். மூன்றாவது ஒன்றும் வரப்போகிறது: ஜூன் 9க்குப் பிறகு பணம் மாறும் நாள் வரைக்குமான வட்டி அடுத்த மாத அறிக்கையில் தலைகாட்டும். தொகை சிறியதுதான். ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டு, "எல்லாம் முடிந்தது" என்று நினைத்திருப்பவர்களுக்கு மறுபடியும் தாமதக் கட்டணம் விழும்.

இங்கேதான் வங்கிச் செயலிகளிலும் தொலைபேசியிலும் உள்ள தானியங்கித் தள்ளுபடி வசதியில் ஒரு சிக்கல். வெறுமனே கட்ட மறந்தவர்களுக்கு அது போதும். சில பொத்தான்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதில் விளக்கம் எழுத இடம் கிடைப்பதில்லை. தாமதக் கட்டணத்தை மட்டும் தள்ளிவிட்டு வட்டியை அப்படியே விட்டுவிட்டால், பிறகு நீங்கள் அனுப்பும் கடிதம் இரண்டாவது சலுகை கேட்பதாகத் தோன்றும். உங்கள் பக்கம் இவ்வளவு வலுவான ஆதாரம் இருக்கும்போது, நேரே எழுத்தில் கேட்பதுதான் என் பரிந்துரை.

உங்கள் வலு எது? தாமதக் கட்டணமும் வட்டியும் வங்கிக்குப் பணம் வந்து சேராததற்கானவை. உங்கள் விஷயத்தில் கெடுவுக்கு நான்கு நாள் முன்பே முழுப் பணமும் அதே வங்கியின் கையில் இருந்தது. அது போய்ச் சேர்ந்த அட்டையில் பாக்கியே இல்லை. தொகையோ குளிர்பதனப் பெட்டியின் விலையோடு காசு பிசகாமல் ஒத்துப்போகிறது. வேறு எதற்காகவும் அந்தப் பணத்தைக் கட்டியிருக்க முடியாது. இந்த மூன்றையும் வங்கி தன் பதிவிலேயே ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ஆகவே கடிதம் பரிதாபத்தை நாட வேண்டியதில்லை.

முதல் கோரிக்கை, மே 30 தேதியிலேயே சரியான அட்டைக்குப் பணம் வந்ததாகக் கணக்கில் கொள்ளச் சொல்வது. அது ஏற்கப்பட்டால் கட்டணம், வட்டி, அடுத்த மாத மிச்ச வட்டி மூன்றும் ஒன்றாக நீங்கிவிடும். முன்தேதியிட வழியில்லை என்று வங்கி சொல்லலாம். அதனால் அதே தொகையை நல்லெண்ண அடிப்படையில் வரவு வைக்கும்படி இரண்டாவதாகக் கேளுங்கள்.

கடிதத்தை இணைய வங்கிச் சேவைக்குள் இருக்கும் பாதுகாப்பான செய்திப் பெட்டி வழியே, ஆங்கிலத்தில் அனுப்புங்கள். சாதாரண மின்னஞ்சலில் அட்டை விவரம் போக வேண்டாம். உள்ளே அனுப்பும்போதும் அட்டையின் கடைசி நான்கு எண்கள் போதும். வரிசையும் தொனியும் புரிவதற்காக வாசகத்தைத் தமிழில் தருகிறேன்:

> பொருள்: தவறான அட்டைக்குச் செலுத்திய தொகை – 163.06 வெள்ளி கட்டணத்தையும் வட்டியையும் தள்ளுபடி செய்யக் கோரிக்கை
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> எண் (கடைசி நான்கு எண்கள்) கொண்ட என் அட்டைக்கு ஜூன் 9 அறிக்கையில் தாமதக் கட்டணம் 100 வெள்ளியும் வட்டி 63.06 வெள்ளியும் விதிக்கப்பட்டுள்ளன.
>
> இந்த அட்டையின் முழுப் பாக்கியான 1,840 வெள்ளியை, ஜூன் 3 கெடுவுக்கு முன்பாக மே 30 அன்று உங்கள் செயலி வழியாகச் செலுத்தினேன். செலுத்தும்போது தவறுதலாக, உங்கள் வங்கியிலேயே எனக்குள்ள மற்றோர் அட்டையை (கடைசி நான்கு எண்கள்) தேர்ந்தெடுத்துவிட்டேன். தவறு என்னுடையது. அந்த அட்டையில் அப்போது பாக்கி ஏதும் இல்லை. தொகை வரவு மீதியாகவே இருந்தது.
>
> ஜூன் 12 அன்று இதைக் கண்டதும் உங்களை அழைத்துத் தொகையைச் சரியான அட்டைக்கு மாற்றக் கேட்டுக்கொண்டேன் (குறிப்பு எண் …). கடந்த 12 மாதங்களில் இரண்டு அட்டைகளுக்கும் முழுத் தொகையையும் கெடுவுக்குள் செலுத்தி வந்துள்ளேன்.
>
> மே 30 முதல் தொகை உங்கள் வங்கியிலேயே இருந்ததால், அது அந்தத் தேதியிலேயே சரியான அட்டைக்கு வந்ததாகக் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன். அது இயலாவிட்டால், மேற்கண்ட 163.06 வெள்ளியையும், இதே காரணத்தால் அடுத்த அறிக்கையில் வரக்கூடிய வட்டியையும் நல்லெண்ண அடிப்படையில் தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> மே 30 செலுத்துச் சான்று, இரண்டு அட்டைகளின் ஜூன் அறிக்கைகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

"கடந்த 12 மாதங்களில்" என்ற வரியை எழுதுமுன் பழைய அறிக்கைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வங்கி அதிகாரி முதலில் திறப்பது உங்கள் கட்டண வரலாற்றைத்தான். ஒரு முறை தாமதமாகியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், அல்லது உள்ளபடி "ஒரு முறை தவிர" என்று எழுதுங்கள். பொய்யான ஒரு வரி மற்ற உண்மைகளையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

"தவறு என்னுடையது" என்று எழுதத் தயங்குபவர்கள் உண்டு. அந்த இரண்டு சொற்களால் நீங்கள் எதையும் இழப்பதில்லை. செயலியின் வடிவமைப்பு குழப்புகிறது, நினைவூட்டல் குறுஞ்செய்தி வரவில்லை என்று எழுதினால் விஷயம் புகார் விசாரணையாகத் திரும்பும். செயலி சரியாக வேலை செய்தது என்று பதிலும் வரும். அட்டையை ரத்து செய்துவிடுவேன் என்ற மிரட்டலும் தேவையில்லை. உங்களுக்குச் சாதகமாக முடிவெடுக்க நினைக்கும் அதிகாரிக்கு, தன் மேலாளரிடம் காட்டக்கூடிய சுத்தமான காரணம் ஒன்று வேண்டும். அதைத்தான் இந்தக் கடிதம் அவர் கையில் கொடுக்கிறது.

மறுத்துவிட்டால் ஒரே ஒரு முறை மறுபரிசீலனை கேட்கலாம். கருத்து, புகார்ப் பிரிவுக்கு அதே கடிதத்தோடு. ஃபிட்ரெக் எனப்படும் நிதித் துறைப் பிணக்குத் தீர்வு நிலையத்துக்குப் போவேன் என்று எழுத வேண்டாம். கட்டணம், வட்டி விகிதம் போன்ற வங்கியின் வணிக முடிவுகளை அது எடுத்துக்கொள்வதில்லை. வங்கி பணத்தைத் தவறாகப் பதிந்திருந்தால் கதை வேறு. இங்கே பதிவு சரி, நீங்கள் தேர்ந்தெடுத்ததுதான் தவறு.

கடன் தகவல் பதிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் கவலை இருக்கும். கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் அறிக்கையில் 30 நாளுக்குக் குறைவான தாமதம் 'A' என்ற நிலையிலேயே நிற்கும். 30 நாளை எட்டினால்தான் 'B'. உங்களுக்கு அந்தக் கோடு ஜூலை 3. பணம் அதற்குள் மாறிவிட்டதா என்பதை மட்டும் செயலியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதில் வராமலே அடுத்த கெடு நெருங்கினால், 163.06 வெள்ளியையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். கட்டியதால் கோரிக்கை செத்துவிடாது. தள்ளுபடி கிடைத்தால் அட்டையில் வரவாக வரும். கட்டாமல் காத்திருந்தால் அந்தக் கட்டணத்தின் மேலேயே புதிய தாமதக் கட்டணம் விழும், அப்போது உங்கள் வாதமும் பலவீனமாகிவிடும்.

ஜூலை அறிக்கையில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: 100 வெள்ளி வரவு, 63.06 வெள்ளி வரவு, ஜூன் 9க்குப் பிந்தைய வட்டி இல்லாமை. 100 மட்டும் வந்திருந்தால், புதுக் கடிதம் வேண்டாம். அதே செய்தித் தொடரில், "தாமதக் கட்டணத்தைத் தள்ளியதற்கு நன்றி, அதே காரணத்தால் வந்த வட்டி 63.06 வெள்ளி இன்னும் நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.