ராத்திரி சீன்ல டேபிள் லேம்ப் வெள்ளையா வெடிக்குது, ஆனா முகம் இருட்டா இருக்கு. வீட்டு பல்புகளை மட்டும் வைத்து ரூமை இயல்பாகக் காட்ட முடியுமா?

முடியும். ஃபிரேமில் தெரியும் விளக்கையும் முகத்துக்கு ஒளி தரும் விளக்கையும் பிரித்துவிடுங்கள். ஷேடை கேமரா நேராகப் பார்க்கிறது; முகத்திலிருந்தோ பட்டுத் திரும்பும் ஒளி மட்டும்தான் வருகிறது. அதனால் ஒரே பல்பால் இரண்டையும் சரிக்கட்ட முடியாது. லேம்பில் இருக்கும் 9 வாட் பல்பைக் கழற்றி, 0.5 வாட் வார்ம் வைட் நைட் பல்பு போடுங்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் கேமராவில் ஷேடின் துணி நெசவு வரை தெரியும், பக்கத்துச் சுவரிலும் மெல்லிய ஒளி விழும். பின் ஹோல்டரா, திருகு ஹோல்டரா என்று பார்த்து வாங்குங்கள்.

கழற்றிய 9 வாட்டை வீணாக்க வேண்டாம், அதுவும் வார்ம் வைட்டாக இருந்தால். வயரோடு ஒரு ஹோல்டரில் மாட்டி, லேம்ப் இருக்கும் அதே பக்கத்தில், ஏறக்குறைய அதே உயரத்தில், ஃபிரேமுக்குச் சற்று வெளியே வையுங்கள். முகத்துக்கு 3 அடி தூரம் போதும். முன்னால் ஒரு தாள் டிரேசிங் பேப்பர் தொங்கவிட்டால் நிழலின் ஓரம் மென்மையாகும். இது எல்இடிக்கு மட்டும். பழைய குண்டு பல்பின் சூட்டில் பேப்பர் கருகிவிடும். எஃப்/2, ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கி, முகம் பகல் போலத் தெரிந்தால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள்.

குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: எரிகிற லேம்பின் நிழலே பின்சுவரில் விழும். மறைத்து வைத்த பல்பு லேம்பின் மேலும் படுவதால் வருவது அது. பல்புக்கும் லேம்புக்கும் நடுவே ஒரு கறுப்பு சார்ட்டைப் பிடித்து, நிழல் மறையும் வரை நகர்த்துங்கள்.

சின்ன அறையின் வெள்ளைச் சுவர்கள் ஒளியைத் திருப்பியடித்து முகத்தின் இருட்டுப் பக்கத்தையும் வெளுக்கவைக்கும். அந்தப் பக்கம் ஃபிரேமுக்கு வெளியே ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டால் இரவு திரும்பிவிடும். மேலே எரியும் டியூப்லைட்டை அணையுங்கள். பின்னணி ஒரேயடியாக இருண்டு போனால், அடுத்த அறையில் கதவு மறைவாக ஒரு 5 வாட் பல்பு எரியட்டும்.

வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் விளக்கின் மஞ்சளை அது தானே கழுவிவிடும். 2700 கெல்வின் பல்புக்கு 3200–3500இல் பூட்டிவிடுங்கள், கொஞ்சம் மஞ்சள் மிஞ்சும். வெளிச்சத்தைக் குறைக்க டிம்மரைத் திருகாதீர்கள். சாதாரண எல்இடி பல்பு அதில் துடிக்கும், வாட் குறைந்த பல்பை மாற்றுவதே நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/50 அல்லது 1/100இல் இருக்கட்டும். அப்படியும் படத்தில் பட்டைகள் ஓடினால் பல்புக்குள் இருக்கும் மலிவான டிரைவர் சர்க்யூட்தான் காரணம். வேறு பல்பு மாற்றிப் பாருங்கள்.